மைலோமா சந்தேகத்தில் எண்ணையும் பட்டையையும் தனித்தனியே வாசிக்கும் தவறு

எங்கள் ஆய்வகத்திற்குப் பயிற்சிக்கு வரும் இளம் மருத்துவர்கள், எலும்பு மஜ்ஜையின் பிளாஸ்மா செல்களில் தோன்றும் புற்றுநோயான மைலோமா இருக்குமோ என்ற சந்தேகத்துடன் வரும் மாதிரிகளை வாசிக்கும்போது செய்யும் பிழைகளில் பெரும்பாலானவை நானே ஒரு காலத்தில் செய்தவை. குழாயில் பெயர் மாறுவது, அலகை மாற்றி எழுதுவது போன்றவற்றை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. அவற்றை எந்த ஆய்வகமும் முதல் வாரத்திலேயே கற்றுக்கொடுத்துவிடும். ஆன்டிபாடியோடு சேராமல் ரத்தத்தில் திரியும் அதன் சிறு கூறான ஃப்ரீ லைட் செயினின் சீரம் அளவையும், புரதத்தின் வகையைப் பட்டையாகக் காட்டும் இம்யூனோஃபிக்சேஷன் ஜெல்லையும் முறைப்படி செய்து முடித்த பிறகும், அவற்றை வாசிப்பதில் நேரும் தவறுகளைப் பற்றியே எழுதுகிறேன்.

எண் சரியாக இருக்கிறது என்று பட்டையைப் பாராமல் விடுவது

பல ஆண்டுகளுக்கு முன் நான் கையெழுத்திட்ட ஓர் அறிக்கையிலிருந்து தொடங்குகிறேன். ஐம்பது வயதைக் கடந்த ஒரு பெண்மணி, சில வாரங்களாக இருந்த சோர்வுடனும் முதுகுவலியுடனும் சிறுநீரகப் பிரிவில் சேர்க்கப்பட்டிருந்தார். கிரியேட்டினின் 4.6, ஹீமோகுளோபின் 8.1. சீரத்தின் புரதங்களை மின்சாரத்தால் பிரிக்கும் எலக்ட்ரோபோரெசிஸில் தனிப் பட்டை எதுவும் தெரியவில்லை. ஆன்டிபாடிகள் சேரும் காமாப் பகுதி மட்டும் வெளிறிக் கிடந்தது. லைட் செயினின் இரு வகைகளில் கப்பா லிட்டருக்கு 61 மில்லிகிராம், லாம்டா 22, விகிதம் 2.8 என்று வந்தது. சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு அப்போது நாங்கள் வைத்திருந்த வரம்பு 0.37 முதல் 3.1 வரை என்பதால், "சிறுநீரகச் செயலிழப்புக்கு ஏற்ற மாற்றம்" என்று எழுதி அன்று மாலையே அனுப்பிவிட்டேன்.

இம்யூனோஃபிக்சேஷன் ஜெல் மறுநாள் வேறொருவர் மேசைக்குப் போயிற்று. அதில் ஒரே சீரத்தை ஆறு தடங்களில் ஓடவிட்டு, முதல் தடத்தில் எல்லாப் புரதத்தையும், மற்ற ஐந்தில் ஐஜிஜி, ஐஜிஏ, ஐஜிஎம் என்னும் வகைகளின் ஹெவி செயின்கள், கப்பா, லாம்டா ஆகியவற்றுக்கான ஆன்டிசீரங்களை இட்டு, பிடிபடாத புரதத்தைக் கழுவிவிட்டுச் சாயமேற்றுவோம். அந்த ஜெல்லை விளக்குப் பெட்டியின் மேல் வைத்தால், கப்பாத் தடத்தில் பீட்டாப் பகுதியை ஒட்டி, பேனாவால் ஒரே இழுப்பில் கோடு போட்டது போல ஒரு மெல்லிய, கூர்மையான பட்டை தெரிந்தது. அதற்கு நேராக ஐஜிஜி, ஐஜிஏ, ஐஜிஎம் தடங்களில் ஒன்றுமில்லை. "கப்பா லைட் செயின் பட்டை" என்று அவர் சரியாகவே எழுதினார். ஆனால் இரண்டு அறிக்கைகளும் இரண்டு நாட்களில், இரண்டு தாள்களில் சென்றன. வார்டில் எண் உள்ள தாளே முதலில் வந்ததால் அதையே நம்பினார்கள்; இரண்டாவது தாள் கோப்பின் அடியில் தங்கிவிட்டது. மூன்று வாரங்களுக்குப் பின் எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை நடந்தபோது அந்த அம்மாள் டயாலிசிஸுக்குப் பழகிப்போயிருந்தார், அதிலிருந்து மீளவுமில்லை. லைட் செயின்களால் அடைபட்ட சிறுநீரகம் மீள்வதற்கு அவற்றின் அளவை விரைவாகக் குறைப்பது முக்கியம் என்பதால், அந்த மூன்று வாரங்களை என்னால் இன்றும் எளிதாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: லிட்டருக்கு 61 மில்லிகிராம் கப்பா, அப்படியொரு பட்டையைக் காட்ட முடியுமா? இம்யூனோஃபிக்சேஷனில் லைட் செயின் கண்ணுக்குத் தெரிய, பொதுவாக லிட்டருக்கு நூறு மில்லிகிராமுக்கு மேலாவது, அதுவும் ஒரே இடத்தில் திரண்டு, இருக்க வேண்டும். 61 என்பது அதற்குக் கீழே. அந்த 61-லும் ஒரு பங்கு பலவகைப்பட்ட இயல்பான கப்பாவாகத் தடமெங்கும் பரவிக் கிடக்கும். எனவே பட்டை உண்மையென்றால் எண் பொய்.

எண் ஏன் பொய்யாயிற்று என்பதைத் தெரிந்துகொள்வது அவசியம். கருவியில் ஆன்டிபாடி பூசிய லேடெக்ஸ் மணிகள் இருக்கின்றன. சீரத்திலுள்ள லைட் செயின் அந்த மணிகளை ஒன்றோடொன்று கோத்துத் திரளாக்க, திரள் ஒளியைச் சிதறடிக்க, அந்தச் சிதறலைக் கொண்டே அளவு கணக்கிடப்படுகிறது. லைட் செயின் அளவுக்கு மீறி இருந்தால், ஒவ்வொரு ஆன்டிபாடியின் பிடியையும் தனித்தனிச் செயினே நிரப்பிவிடும். ஒரு மணியை இன்னொன்றோடு கோக்க இடமே மிஞ்சாது. திரள் சிறுத்து, ஒளி குறைந்து சிதறி, கருவி தாழ்ந்த அளவைச் சொல்லும். இதை ஆன்டிஜன் மிகுதி என்கிறோம். இன்றைய கருவிகள் பல இதைத் தாமே கவனிக்கும்படி அமைக்கப்பட்டுள்ளன. ஆயினும் ஒவ்வொரு நோயாளியின் லைட் செயினும் தனி உருவம் கொண்டது என்பதால் சில தப்பிவிடுகின்றன.

சோதித்துப் பார்ப்பது கடினமன்று. கிட்டுடன் வரும் கரைசலைக் கொண்டே சீரத்தைப் பத்து மடங்கு கூடுதலாக நீர்த்து, மறுபடி ஓட்ட வேண்டும். மிகுதி இல்லையென்றால் கணக்கிட்ட விடை முன்னதையொட்டியே இருக்கும், அல்லது அளவிட முடியாத அளவுக்குத் தாழும். அந்த அம்மாளின் மாதிரியை எடுத்துவைத்திருந்த குளிர்பெட்டியிலிருந்து பின்னாளில் எடுத்து நீர்த்தபோது, கப்பா முதலில் 1,940 என்றும், இன்னும் நீர்த்ததும் 4,180 என்றும், அதற்கடுத்து 4,090 என்றும் வந்தது. கடைசி இரண்டும் ஒத்துப்போனதால் அங்கே நிறுத்தினோம். 4,180-ஐ 22-ஆல் வகுத்தால் விகிதம் 190. பாதிக்கப்பட்ட செயின் நூறு மில்லிகிராமைத் தாண்டி, விகிதம் நூறும் அதற்கு மேலும் இருந்தால் அதுவே மைலோமாவை உறுதிசெய்யும் குறிகளில் ஒன்று என்று 2014-ஆம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டுதல் சொல்கிறது. மஜ்ஜையில் பிளாஸ்மா செல்கள் பத்து விழுக்காடாவது இருக்க வேண்டும் என்பது அதனுடன் சேர்ந்த நிபந்தனை. சில நோயாளிகளில் எத்தனை முறை நீர்த்தாலும் எண் நிலைபெறாது. அவர்களுக்கு எந்த நீர்ப்பில் எடுத்த எண் என்பதை அறிக்கையில் எழுதி, அடுத்தடுத்த முறைகளிலும் அதே நீர்ப்பையே கையாள வேண்டும்.

இம்யூனோஃபிக்சேஷன் இன்னும் வராவிட்டாலும், அந்த முதல் நாளிலேயே என் கையில் மூன்று தடயங்கள் இருந்தன. காமாப் பகுதி வெளிறியிருந்தது முதல் தடயம். லாம்டா 22 என்பது இரண்டாவது. சிறுநீரகம் அந்த அளவுக்குச் செயலிழந்தால் கப்பாவும் லாம்டாவும் சேர்ந்தே பல மடங்கு உயர வேண்டும்; லாம்டா மட்டும் நலமானவரின் வரம்பிலேயே நிற்கிறது என்றால் அது அடக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். மூன்றாவது, வார்டிலிருந்தே வந்திருந்தது: சிறுநீரில் குச்சிச் சோதனையில் புரதம் மிகச் சொற்பம், ஆனால் ஆய்வகத்தில் அளந்த மொத்தப் புரதம் மிக அதிகம். குச்சி ஆல்புமினையே முக்கியமாகக் காட்டும்; லைட் செயினை ஏறக்குறையக் காணாது.

இப்போது எங்கள் ஆய்வகத்தில் எலக்ட்ரோபோரெசிஸ், இம்யூனோஃபிக்சேஷன், லைட் செயின் ஆகிய மூன்றும் ஒரே தாளில், ஒரே கையெழுத்தில்தான் போகின்றன. ஒருநாள் தாமதமானாலும் பரவாயில்லை. அவசரமென்றால் தொலைபேசியில் சொல்லலாம். ஆனாலும் புதியவர்கள் "விகிதம் வரம்புக்குள் இருக்கிறது சார்" என்று எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். ஜெல் எங்கே என்று ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டியிருக்கிறது.

சிறுநீரக நோயாளிக்குப் பொது வரம்பை வைப்பது

மேற்சொன்னதற்கு நேர் எதிரான தவறு இது. நலமானவருக்கான விகிதம் 0.26 முதல் 1.65 வரை. நாட்பட்ட சிறுநீரக நோயாளி ஒருவருக்குக் கப்பா 118, லாம்டா 52, விகிதம் 2.3 என்று வந்தவுடன் மைலோமா என்று எழுதி, மஜ்ஜைப் பரிசோதனைக்கு அனுப்பிவிடுகிறார்கள். உடல் கப்பாவை லாம்டாவைவிட ஏறக்குறைய இரு மடங்கு உற்பத்தி செய்கிறது. கப்பா பெரும்பாலும் ஒற்றையாக, சிறியதாக இருப்பதால் சிறுநீரகம் அதை வேகமாக வடிகட்டிவிடுகிறது; லாம்டா இரட்டையாக இருப்பதால் தங்குகிறது. வடிகட்டி கெட்டுவிட்டால் அந்த வேறுபாடு மறைந்து, விகிதம் உற்பத்தியின் விகிதத்தை நோக்கி ஏறுகிறது. இந்த நோயாளிக்கு இரண்டு செயின்களும் உயர்ந்திருக்கின்றன, இம்யூனோஃபிக்சேஷனில் பட்டை இல்லை, காமாப் பகுதியும் வற்றவில்லை, ஆகவே 2.3-ஐச் சிறுநீரகத்தின் விளைவாகவே எடுத்துக்கொள்ளலாம்.

0.37 முதல் 3.1 வரை என்ற வரம்பு எல்லாச் சிறுநீரக நோயாளிகளுக்கும் ஒன்றாக வைக்கப்பட்டது. ஐஸ்லாந்தில் நடந்த ஐஸ்டாப்-எம்எம் ஆய்விலிருந்து சிறுநீரகம் வடிகட்டும் வேகத்தைப் பொறுத்துத் தனித்தனி வரம்புகள் வந்துள்ளன. வேகம் 30-க்கும் கீழே உள்ளவர்களுக்கு அது 0.54 முதல் 3.30 வரை. ஆகவே கிரியேட்டினினைப் பாராமல் விகிதத்தை வாசிக்க வேண்டாம். விண்ணப்பத்தில் அது எழுதப்படவில்லையென்றால் வார்டைக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டே எழுத வேண்டும்.

ஹெவி செயின் இல்லை என்று பாதியில் நிறுத்துவது

லாம்டாத் தடத்தில் பட்டை இருந்து, ஐஜிஜி, ஐஜிஏ, ஐஜிஎம் மூன்றிலும் இல்லையென்றால் உடனே "லைட் செயின் மைலோமா" என்று எழுதிவிடுவது பழக்கமாகிவிட்டது. வழக்கமான ஜெல்லில் ஐஜிடி, ஐஜிஇ ஆன்டிசீரங்கள் இடப்படுவதில்லை. ஐஜிடி மைலோமா அரிது, ஆனால் அதில் பெரும்பாலும் லாம்டாவே இருக்கும். ரத்தத்தில் அதன் அளவும் குறைவு என்பதால் எலக்ட்ரோபோரெசிஸில் பெரிய பட்டை தராது. இந்த இரண்டு ஆன்டிசீரங்களையும் இட்டு மறுபடி ஓட்டிய பிறகே வகையை எழுத வேண்டும்.

ஃபைப்ரினோஜனைப் பட்டை என்று எழுதுவது

பீட்டாவுக்கும் காமாவுக்கும் நடுவே முதல் தடத்தில் பட்டை, மற்ற ஐந்திலும் இல்லை என்றால் அது உறையாமல் மிஞ்சிய ஃபைப்ரினோஜனாக இருக்கலாம்: ஹெப்பாரின் கொடுக்கப்படும் டயாலிசிஸ் நோயாளியின் சரியாக உறையாத ரத்தம், புதிய மாதிரி கேளுங்கள்.

கிட் மாறியதை எழுதாமல் விடுவது

ஒரே மாதிரிக்கும் கிட்டுக்குக் கிட்டு எண் மாறும் என்பதால், இரண்டு கம்பெனிகளின் எண்களை ஒரே வரைபடத்தில் சேர்க்கக் கூடாது.

அமிலாய்டு சந்தேகத்திலும் சிறுநீரை விட்டுவிடுவது

மைலோமாவுக்கான முதற்கட்டத் தேடலில் சீரத்தின் மூன்று சோதனைகளும் போதும், சிறுநீர் தேவையில்லை என்று படித்தவர்கள், அதையே எல்லோருக்கும் பொருத்துகிறார்கள். இதயச் சுவர் தடித்தவர், காரணம் தெரியாமல் சிறுநீரில் ஆல்புமின் போகிறவர், நாக்கு பெருத்தவர் ஆகியோரிடம், உறுப்புகளில் படியும் புரதமான அமிலாய்டைத் தேடும்போது இந்த விதி பொருந்தாது. அங்கே ஒரே செல் வழி பெருகியவை சுரக்கும் மோனோக்ளோனல் புரதம் மிகச் சிறிதாக இருக்கலாம். சீரத்தில் தப்பியது சிறுநீரின் இம்யூனோஃபிக்சேஷனில் மட்டும் தெரிவதுண்டு. விண்ணப்பத்தில் "மைலோமா?" என்று மட்டும் எழுதி, எக்கோ அறிக்கையை மறைத்து அனுப்பும் மருத்துவர்களும் இருப்பதால், ரத்தம் எடுக்கும் நேரத்திலேயே ஒரு குப்பி சிறுநீரும் வாங்கி வைக்கும்படி எங்கள் செவிலியரிடம் சொல்லியிருக்கிறேன்.