நாமினி பெட்டியில் மனைவி பெயர் இருந்தால் போதுமா?

மாட்டுங்காவில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது, என் பழைய அலுவலக நண்பர் ஒருவர் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். வரும் மாதம் அறுபது முடிகிறது. என்பிஎஸ் என்ற தேசிய பென்ஷன் திட்டத்தில் சேர்ந்த பணத்தில் எவ்வளவு மொத்தமாக எடுப்பது, எவ்வளவை இன்சூரன்ஸ் கம்பெனியிடம் கட்டி ஆயுள் முழுக்க மாதாமாதம் பணம் வரும் ஆன்யுட்டியில் போடுவது என்பது கேள்வி. அவர் வாயிலிருந்து வந்த முதல் வரி: "எந்த ஆப்ஷன்ல அதிகம் வருது சார்?"

2013-ல் நானும் இதே வரியைத்தான் கேட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். மொத்தப் பணத்தையும் தெரியாத சீட்டுக் கம்பெனியில் போடாதீர்கள் என்பது போன்றவை உங்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

நாமினி வேறு, ஜாயின்ட் லைஃப் வேறு

நான் ஓய்வு பெற்றபோது என் கம்பெனி ஓய்வுக்காலத்துக்கென்று போட்டுவந்த சூப்பர்ஆன்யுவேஷன் கணக்கில் 24 லட்சம் இருந்தது. கிராஜுவிட்டி வாங்குபவர்களுக்கு அதில் மூன்றில் ஒரு பங்குதான் வரியில்லாமல் மொத்தமாகக் கிடைக்கும். 8 லட்சத்தை எடுத்துக்கொண்டேன். மீதி 16 லட்சத்துக்கு ஆன்யுட்டி வாங்க வேண்டும். படிவத்தில் பல ஆப்ஷன்கள். என் ஆயுள் வரைக்கும் மட்டும் என்றால் மாதம் சுமார் 11,200. எனக்குப் பிறகு மனைவிக்கும் அதே தொகை தொடரும் ஜாயின்ட் லைஃப் என்றால் சுமார் 10,000. கீழே நாமினி என்று ஒரு பெட்டி. அதில் மனைவி பெயரை எழுதி, முதல் ஆப்ஷனில் டிக் போட்டேன். பெயர்தான் எழுதியாயிற்றே, எனக்குப் பின் அவளுக்கு வரும், எதற்கு 1,200 ரூபாயை விட வேண்டும் என்று நினைத்தேன்.

இந்த நினைப்பு எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். அரசு பென்ஷனில் குடும்ப பென்ஷன் தானாகவே உண்டு. பிஎஃப்போடு வரும் இபிஎஸ் பென்ஷனிலும் உறுப்பினர் இறந்தால் மனைவிக்குப் பாதி வரும், யாரும் எதையும் டிக் செய்ய வேண்டாம். பென்ஷன் என்றாலே அப்படித்தான் என்று மனதில் பதிந்துவிடுகிறது. இன்சூரன்ஸ் கம்பெனியிடம் வாங்கும் ஆன்யுட்டி அப்படியல்ல. நீங்கள் எந்த ஏற்பாட்டுக்குப் பணம் கட்டினீர்களோ அது மட்டும்தான் கிடைக்கும். நாமினி என்பவர், நீங்கள் இறக்கும்போது தர வேண்டிய தொகை ஏதாவது இருந்தால் அதை வாங்கிக்கொள்பவர். முதலைத் திருப்பித் தராத, ஒரே ஆயுளுக்கான ஆன்யுட்டியில் தர வேண்டியது என்று ஒன்றுமே இருக்காது.

எனக்கு இது தெரிந்தது 2016-ல். கூட வேலை பார்த்த ஒருவர் இறந்துவிட்டார். அவர் மனைவிக்குப் படிவங்கள் நிரப்பிக்கொடுக்கப் போயிருந்தேன். அவருக்கு வந்த கடைசித் தவணையோடு ஆன்யுட்டி பாலிசி முடிந்தது என்று கம்பெனியிடமிருந்து கடிதம் வந்தது. நாமினி பெயர் இருக்கிறதே என்று அந்த அம்மா திரும்பத் திரும்பக் கேட்டார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து என் பத்திரத்தை எடுத்துப் பார்த்தேன். அதே ஆப்ஷன்.

மாற்ற முடியாது. பத்திரம் கைக்கு வந்தபின் யோசிக்கத் தரும் ஃப்ரீ லுக் காலம் அப்போது 15 நாள். எனக்கு மூன்று வருடம் ஓடியிருந்தது. என் மனைவி என்னைவிட ஏழு வயது இளையவள், தனக்கென்று பென்ஷன் இல்லை. எனக்குப் பின் அவள் பத்து வருடம் இருந்தால், மாதம் 10,000 வீதம் 12 லட்சம் அவளுக்கு வராமல் போகிறது. அதை ஈடுகட்ட அன்றிலிருந்து மாதம் 3,000 ரூபாயை அவள் பெயரில் போட்டு வருகிறேன். 1,200 மிச்சம் பிடித்தவன் கட்டுவது 3,000! இன்றும் அந்த டிக்கை நினைத்தால் எரிச்சல் வருகிறது.

உங்கள் தாளில் எது இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். மனைவியின் வயதை ஐந்து வருடம் குறைத்துப் போட்டு மறுபடி கணக்குக் கேளுங்கள். மாதத் தொகை குறைந்தால் அவர் கணக்கில் இருக்கிறார், ஏனென்றால் இளையவருக்கு அதிக காலம் தர வேண்டியிருக்கும். தொகை அசையவில்லை என்றால் அவர் வெறும் நாமினி.

ஆன்யுட்டி சதவீதத்தை வட்டி என்று படிப்பது

நண்பரின் தாளில் 40 லட்சத்துக்கு மாதம் 27,300 என்று ஒரு வரி. "8.2 சதவீதம், எஃப்டியைவிட அதிகம்" என்றார். இது முதலைத் திருப்பித் தராத வகை. வருடத்துக்கு 3,27,600 வருகிறது; போட்ட 40 லட்சம் கைக்குத் திரும்பவே பன்னிரண்டு வருடத்துக்கு மேல் ஆகும். அதாவது வரும் தொகையில் ஒரு பகுதி உங்கள் சொந்த முதல்தான். எஃப்டியில் வட்டி போக முதல் அப்படியே நிற்கும்.

அப்படியானால் முதலைக் குடும்பத்துக்குத் திருப்பித் தரும் வகையை எடுப்பதா? அதில் 22,300 என்று வைத்துக்கொள்வோம். மாதம் 5,000 குறைவு, வருடத்துக்கு 60,000. அந்த 60,000-ஐ வருடாவருடம் 7 சதவீதத்தில் போட்டுவந்தால் இருபது வருடத்தில் சுமார் 24.6 லட்சம், இருபத்தைந்தில் சுமார் 38 லட்சம். ஆக 85 வயது வரை இருந்தால்தான் இரண்டும் ஏறக்குறைய சமம். அதற்கு முன் போனால் முதல் திரும்புவது குடும்பத்துக்கு லாபம். அதற்கு மேல் இருந்தால் மற்றது. ஆனால் இரண்டிலும் தொகை ஏறாது. விலைவாசி வருடம் 6 சதவீதம் ஏறினால் பன்னிரண்டு வருடத்தில் 22,300-க்கு இன்றைய பாதி மதிப்புதான்.

மொத்தத்தையும் எடுத்து மகனின் பிளாட்டுக்குக் கொடுப்பது

திரும்பி வராது.

எத்தனை சதவீதம் அனுமதி என்பதிலிருந்து தொடங்குவது

அரசு ஊழியர் அல்லாதவர்களுக்கு என்பிஎஸ்ஸில் 40 சதவீதமாக இருந்த குறைந்தபட்ச ஆன்யுட்டி, 2025 டிசம்பரில் 20 ஆகக் குறைந்தது. நண்பருக்கு 60 லட்சம் சேர்ந்திருக்கிறது. 80 சதவீதத்தையும் எடுத்துவிடலாமே என்றார். அனுமதி இருக்கிறது என்பது வேறு, தேவை என்பது வேறு. (60 சதவீதத்துக்கு மேல் எடுப்பதற்கு வரி உண்டா என்று ஆடிட்டரிடம் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.)

செலவிலிருந்து தொடங்கினோம். டோம்பிவிலியில் சொந்த பிளாட். சொசைட்டி மெயின்டனன்ஸ், மளிகை, கரண்ட், மருந்து, மெடிக்கல் பாலிசி எல்லாம் சேர்த்து மாதம் 38,000 இல்லாமல் முடியாது. இபிஎஸ்ஸில் 4,000 வருகிறது. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் உச்சவரம்பான 30 லட்சத்தைப் போட்டால், 8.2 சதவீதத்தில் காலாண்டுக்கு 61,500, அதாவது மாதத்துக்கு 20,500. மீதிப் பள்ளம் 13,500. மனைவிக்கும் தொடரும் ஜாயின்ட் ஆன்யுட்டிக்கு அவர் கையில் இருந்த கணக்கு சுமார் 7 சதவீதம். 24 லட்சம் போட்டால் மாதம் 14,000. அது சரியாக 40 சதவீதம். எடுக்கும் 36 லட்சத்தில் சேமிப்புத் திட்டம் போக 6 லட்சம் மிச்சம். பிஎஃப் பணம் தனியாக இருக்கிறது. விலைவாசி ஏறும்போது அதில் கை வைக்கலாம். சேமிப்புத் திட்டம் ஐந்து வருடத்தில் முதிரும், அப்போது வட்டி இதே அளவு இருக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. வரியும் இந்தக் கணக்கில் சேரவில்லை. ஆன்யுட்டித் தொகை வருமானமாகவே கணக்கிடப்படும்.

பத்திரத்தைப் பிரிக்காமல் பீரோவில் வைப்பது

ஃப்ரீ லுக் இப்போது 30 நாள். அதற்குள் படியுங்கள்.

நண்பர் தாளை மடித்தார். "ஜாயின்ட் போட்டா அவளுக்கு ஏஜ் ப்ரூஃப் கேப்பாங்க, இல்ல?" என்றார். ஆமாம் என்றேன். அவர் மனைவியின் ஆதாரில் பிறந்த வருடம் மட்டும்தான் இருக்கிறதாம், தேதி இல்லையாம். படிவத்தைத் தள்ளிவைத்து, அடுத்த நாள் காலையிலேயே ஆதார் மையத்துக்குக் கூட்டிப்போகிறேன் என்றார்.