"தெரிவாகவில்லை" என்று மெயில் வந்தால் என்ன பதில் போடுவது?

நேர்முகப் பரீட்சை முடிந்து ஒரு கிழமையில் "இம்முறை தங்களைத் தெரிவுசெய்ய முடியவில்லை" என்று மெயில் வந்திருக்கிறது. அதற்கு நன்றி சொல்லி, அடுத்த வெற்றிடத்துக்குத் தொடர்பை வைத்துக்கொள்வது எப்படி என்று பார்ப்போம். உதாரணத்துக்கு ஒரு கள உத்தியோகத்தர் வேலையை எடுத்துக்கொள்கிறேன்: அட்டன் பக்கத்தில் தோட்டச் சிறுவர்களுக்குக் கல்வித் திட்டம் நடத்தும் ஒரு தொண்டு நிறுவனம், நேர்முகத்தை மூன்று பேர் நடத்தினார்கள், பதில் தமிழில் வந்தது. பதில் ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ வந்திருந்தால் நீங்களும் அந்த மொழியிலேயே எழுதுங்கள். ஒழுங்கு இதுவேதான்.

முதலில் அந்த நிறுவனத்தில் பிறகு என்ன நடக்கும் என்று தெரிந்துகொள்ள வேண்டும். பட்டியலில் முதலாவதாக இருந்தவர் சில சமயம் வேலையை ஏற்கமாட்டார். ஏற்றாலும் தகுதிகாண் காலம் முடிவதற்குள் கொழும்புக்குப் போய்விடுவார். அப்போது புது விளம்பரம் போடுவதற்கு முன்னால் பழைய பட்டியலைத்தான் புரட்டுவார்கள். புரட்டுகிறவர் உங்களைப் பார்த்தே இராத ஒரு அலுவலக ஊழியராகவும் இருக்கலாம். அவர் மெயில் பெட்டியில் "கள உத்தியோகத்தர்" என்று தேடுவார். அந்தத் தேடலில் உங்கள் மெயில் அகப்பட வேண்டும், அகப்பட்டதும் போன் பண்ண நம்பர் இருக்க வேண்டும். கீழே சொல்லப்போவது எல்லாம் இந்த இரண்டுக்காகத்தான்.

1. பதில் யாருக்குப் போகிறது என்று பாருங்கள்

மெயிலைத் திறந்து, அனுப்பியவர் பெயருக்குக் கீழே உள்ள சின்ன அம்புக்குறியைத் தட்டுங்கள். முழு முகவரி தெரியும். அதில் `noreply` அல்லது `no-reply` என்று இருந்தால் அந்தப் பெட்டியை யாரும் திறப்பதில்லை. அதே இடத்தில் `reply-to` என்று வேறொரு முகவரி இருந்தால் கவலையில்லை, பதில் அங்கே போய்விடும். அதுவும் இல்லையென்றால் நேர்முகத்துக்கு அழைத்த பழைய மெயிலைத் தேடி எடுத்து, அதற்குப் பதில் போடுங்கள். அதை ஒரு ஆள்தான் அனுப்பியிருப்பார்.

மற்றபடி, வந்த மெயிலுக்குள் இருந்தே `Reply` கொடுங்கள். தலைப்பில் கை வைக்காதீர்கள். "நன்றி மடல்" என்று அழகாக மாற்றினால் ஜிமெயில் அதைப் புது உரையாடலாகப் பிரித்துவிடும். உங்கள் விண்ணப்பம் ஒரு இடத்தில், நன்றி இன்னொரு இடத்தில் என்றாகிவிடும். பழைய தலைப்பில் பதவியின் பெயர் ஏற்கெனவே இருக்கிறது, தேடலில் அகப்படுவதும் அதனால்தான்.

2. எப்போது அனுப்புவது

அன்றைக்கோ மறுநாளோ அனுப்பிவிடுங்கள். மனது கொதித்துக்கொண்டிருந்தால் மறுநாள் காலை நல்லது. இரவு பதினொரு மணிக்கு எழுதி முடித்தால் `Schedule send` போட்டுக் காலை எட்டரைக்கு வையுங்கள். போயா நாளிலும் ஞாயிறிலும் வேண்டாம், திங்கட்கிழமைக் குவியலுக்கு அடியில் போய்விடும்.

3. எழுதுங்கள்

ஆறேழு வரி போதும். உதாரணம்:

> மதிப்பிற்குரிய அம்மணி,
>
> கள உத்தியோகத்தர் பதவி தொடர்பான தங்கள் முடிவை அறியத் தந்தமைக்கு நன்றி. நேர்முகத்தில் நேரம் ஒதுக்கிய மற்ற இருவருக்கும் என் நன்றியைத் தெரிவியுங்கள். மாலை வகுப்புகளுக்குப் பெற்றோரை எப்படி வரவைப்பது என்று நீங்கள் விளக்கியது எனக்குப் பயனுள்ளதாக இருந்தது.
>
> மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பகுதிகளில் கள வேலைக்கோ, தரவு சேகரிக்கும் குறுகிய கால வேலைக்கோ ஆள் தேவைப்பட்டால் என்னை அழைக்கலாம். தமிழும் சிங்களமும் பேசுவேன். ஒரு கிழமை முன்னறிவித்தல் இருந்தால் போதும்.
>
> இப்படிக்கு,
> (முழுப் பெயர்)
> (தொலைபேசி எண், வட்ஸ்அப் எண்)

முதல் பந்தி சுலபம். நேர்முகத்தில் உண்மையாகவே பேசப்பட்ட ஒரு விஷயத்தை அதில் ஒரு வரி சேர்த்துவிட்டால், இது எல்லோருக்கும் அனுப்புகிற மெயில் அல்ல என்று படிப்பவருக்குத் தெரிந்துவிடும். மூன்று பேருக்கும் தனித்தனியாக எழுத வேண்டாம். எழுதியவருக்கு எழுதி, மற்றவர்களுக்குச் சொல்லச் சொன்னால் போதும்.

பலரும் சறுக்குவது இரண்டாவது பந்தியில். "எதிர்காலத்தில் ஏதும் வாய்ப்பு இருந்தால் தயவுசெய்து அறியத் தாருங்கள், எந்த வேலையானாலும் செய்வேன்" என்று எழுதிவிடுகிறார்கள். பணிவாகத்தான் இருக்கிறது, ஆனால் படிப்பவருக்கு அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. எந்த வேலை வந்தால் உங்களை நினைக்க வேண்டும் என்று அதில் இல்லையே. அதனால் மூன்று விஷயத்தைச் சொல்லிவிடுங்கள்: என்ன வேலை, எந்தப் பகுதி, எவ்வளவு நாளில் வர முடியும். மலையகத்தில் பகுதி முக்கியம். பொகவந்தலாவையில் இருப்பவரை இராகலைப் பக்கத் தோட்டங்களுக்குப் போட்டால் தினமும் பஸ் ஏறியே பாதி நாள் போய்விடும் என்று அலுவலகத்தில் இருப்பவருக்குத் தெரியும். நீங்கள் பகுதியைச் சொல்லாவிட்டால் அவரே ஒன்றை ஊகித்து, உங்களை விட்டுவிடுவார்.

குறுகிய கால வேலையையும் சேர்த்திருப்பது காரணத்தோடுதான். இந்த மாதிரி நிறுவனங்கள் திட்டத்துக்குத் திட்டம் ஆளெடுப்பவை. இரண்டு கிழமைக் கணக்கெடுப்புக்கு விளம்பரம் போட மாட்டார்கள், தெரிந்தவர்களைத்தான் கூப்பிடுவார்கள்.

"ஏன் என்னை எடுக்கவில்லை?" என்ற கேள்வியை இந்த மெயிலில் வைக்காதீர்கள் என்பது என் கட்சி. அதற்குப் பதில் சொல்ல அவர் மற்ற இருவரையும் கேட்க வேண்டும். கேட்கும்வரை உங்கள் மெயிலைத் தள்ளி வைப்பார், பிறகு அது அப்படியே கிடந்துவிடும். வீட்டுக் கஷ்டமும் வேண்டாம். படிப்பவருக்குச் சங்கடம், அவர் கையில் இப்போது கொடுப்பதற்கு ஒன்றும் இல்லை.

4. பாமினி பிரச்சினை

தமிழில் எழுதுகிறவர்களுக்கு மட்டும். கடையில் கொடுத்து வேர்டில் அடித்தால் அது பெரும்பாலும் பாமினி எழுத்துருவில் இருக்கும். அதை அப்படியே மெயிலில் ஒட்டினால் உங்கள் "நன்றி" அந்தப் பக்கம் இப்படிப் போய்ச் சேரும்:

```
ed;wp
```

உங்கள் கணினியில் சரியாகத் தெரிந்தாலும் அவருடைய போனில் தெரியாது. பாமினி உண்மையில் ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவத்தைப் போர்த்துகிறது, எழுத்துரு இல்லாத இடத்தில் போர்வை கழன்றுவிடும். சுயவிபரக் கோவையை பிடிஎஃப் ஆக்கினால் பார்வைக்குச் சரியாகிவிடும், ஆனால் அதற்குள் உங்கள் பெயரைத் தமிழில் தேடினால் கிடைக்காது.

மெயிலை போனிலேயே, ஜிபோர்டு தமிழ் விசைப்பலகையில் அடிப்பதுதான் எனக்குப் பிடித்த வழி. அது யூனிகோடு, எங்கேயும் உடையாது. சந்தேகமாக இருந்தால் முதலில் உங்களுக்கே ஒன்று அனுப்பி இன்னொரு போனில் திறந்து பாருங்கள்.

பெயரையும் கவனியுங்கள். அடையாள அட்டையில் ஒரு ஆங்கில எழுத்துக்கூட்டல், சான்றிதழில் இன்னொன்று, மெயில் கணக்கில் மூன்றாவது என்று நம் ஆட்களுக்குச் சாதாரணம். விண்ணப்பத்தில் எப்படி எழுதினீர்களோ அப்படியே இங்கும் எழுதுங்கள். அடையாள அட்டை இலக்கம் இந்த மெயிலுக்குத் தேவையில்லை.

5. போய்ச் சேர்ந்ததா?

தோட்டத்தில் சிக்னல் போய் வருகிற இடத்தில் அனுப்பினால் மெயில் `Outbox` இல் நின்றுவிடும், நாம் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டிருப்போம். சிக்னல் கிடைக்கிற இடத்துக்கு வந்ததும் `Sent` இல் இருக்கிறதா என்று பாருங்கள். `Mail Delivery Subsystem` என்ற பெயரில் ஏதாவது வந்தால் மெயில் போய்ச் சேரவில்லை என்று வைத்துக்கொண்டு, முதலில் முகவரியைச் சரிபாருங்கள்.

பதில் வராவிட்டால் அது கெட்ட சகுனமல்ல. இப்படிப்பட்ட மெயிலுக்குப் பலர் பதில் போடுவதில்லை.

6. மூன்று நான்கு மாதம் கழித்து, ஒரே ஒரு தடவை

தொடர்பு வைத்திருப்பது என்றால் மாதாமாதம் "ஏதும் வேலை இருக்கிறதா" என்று கேட்பதல்ல. சொல்வதற்குப் புதிதாக ஒன்று இருக்கும்போது, அதே உரையாடலுக்குள் இரண்டு மூன்று வரி எழுதுங்கள். நம் உதாரணத்தில் அந்த விளம்பரம் மோட்டார் சைக்கிள் சாரதி அனுமதிப்பத்திரம் கேட்டிருந்தது, விண்ணப்பித்தவரிடம் அது இல்லை என்று வையுங்கள். எடுத்ததும் இப்படி எழுதலாம்:

> மதிப்பிற்குரிய அம்மணி, கள உத்தியோகத்தர் நேர்முகத்தின்போது என்னிடம் இல்லாதிருந்த மோட்டார் சைக்கிள் சாரதி அனுமதிப்பத்திரத்தை இந்த மாதம் பெற்றுக்கொண்டேன். புதுப்பித்த சுயவிபரக் கோவையை இணைத்துள்ளேன். மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பகுதிகளில் வேலை செய்ய இப்போதும் ஆயத்தமாக இருக்கிறேன்.

கோப்பின் பெயரில் உங்கள் பெயரும் பதவியும் இருக்கட்டும். `CV new final 2.pdf` என்று ஒருவர் பதிவிறக்கினால் பிறகு அது யாருடையது என்று அவருக்கே தெரியாது.

இதற்கும் பதில் இல்லையென்றால் நிறுத்திவிடுங்கள். ஆனால் அதே நிறுவனம் மறுபடி விளம்பரம் போட்டால், "என் விபரம்தான் அவர்களிடம் இருக்கிறதே" என்று சும்மா இருக்காமல் புதிதாக விண்ணப்பியுங்கள். முன்பு நேர்முகத்துக்கு வந்த மாதத்தை விண்ணப்பத்தில் ஒரு வரி குறிப்பிடலாம்.

பிற்சேர்க்கை: வாசகர்கள் கேட்ட இரண்டு விஷயம்.

மெயில் வரவில்லை, போனில்தான் சொன்னார்கள் என்றால்? போனில் "சரி மிஸ், சொன்னதுக்கு நன்றி" என்று முடித்துக்கொண்டு, அன்றைக்கே நேர்முக அழைப்பு வந்த மெயிலுக்குப் பதிலாக மேலே உள்ளதை அனுப்புங்கள். போனில் சொன்னது யார் பெட்டியிலும் இருக்காது. நேர்முகம் நடத்தியவரின் சொந்த வட்ஸ்அப் நம்பரை யாரிடமாவது வாங்கி எழுதாதீர்கள். அவரே அந்த நம்பரில் இருந்து உங்களுக்கு எழுதியிருந்தால் மட்டும் பரவாயில்லை.

இன்னொருவர், சிம் மாற்றியதால் கூப்பிட்டது தெரியாமலே போனதாக எழுதியிருந்தார். ஒரு டிவிஷனில் எடுக்கிற நெட்வொர்க் பக்கத்து டிவிஷனில் எடுக்காது, அதனால் நம்பர் மாறுவது நமக்கு வழக்கம்தான். கையெழுத்துக்குக் கீழே வீட்டில் நிலையாக இருக்கும் ஒருவரின் நம்பரையும் "அக்காவின் எண்" என்று குறித்துக் கொடுங்கள், அக்காவிடமும் யார் கூப்பிடக்கூடும் என்று சொல்லி வையுங்கள். நம்பர் மாறினால் அதே உரையாடலில் ஒரு வரி எழுதிவிடுங்கள். மேலே சொன்ன "ஒரே ஒரு தடவை" கணக்கில் இது சேராது.