மங்குக்குப் பூசும் கிரீம்: நிறுத்தத் தெரியாததுதான் முதல் தவறு

சுங்கை சிப்புட் பக்கத்தில் ஃபார்மசி கவுண்டரில் நிற்கும் எனக்கு மாதத்தில் சிலராவது ஒரே கேள்வியோடு வருவார்கள். "தம்பி, முன்னால் போட்ட கிரீம் இப்போ கேட்க மாட்டேங்குது. இதைவிட ஸ்ட்ராங்கா இருக்கா?" கிரீம் வேலை செய்யவில்லை என்றால் அளவைக் கூட்டுவது நம் பழக்கம். மங்கை வெளுக்கப் பூசும் ஹைட்ரோகுவினோன் விஷயத்தில் அங்கேதான் வம்பு ஆரம்பிக்கிறது.

ஓர் அக்கா செம்பனை நாற்றங்காலில் வேலை பார்க்கிறார். இரண்டு கன்னத்திலும் மங்கு. பாசார் மாலாமில் லேபிள் இல்லாத டப்பா ஒன்று வாங்கினார். இரண்டு மாதத்தில் நன்றாக வெளுத்தது. நிறுத்தினார், மங்கு திரும்ப வந்தது, மறுபடி பூசினார். இப்படியே சில வருடங்கள் ஓடின. பிறகு கன்ன எலும்பின் மேல் தோல் சாம்பல் கலந்த நீலமாக மாறியது. விரலால் தடவினால் குண்டூசித் தலை அளவில் கரும்புள்ளிகள் தட்டுப்பட்டன. மங்கு முற்றிவிட்டது என்று நினைத்து இரவில் மட்டும் பூசியதைக் காலையிலும் பூசினார்.

அது மங்கு இல்லை. ஓக்ரோனோசிஸ் என்பார்கள். ஹைட்ரோகுவினோன் தோலில் நிறம் உண்டாக்கும் டைரோசினேஸ் என்ற நொதியைத் தடுக்கிறது, அதனால்தான் வெளுக்கிறது. ஆனால் நெடுநாள் பூசும்போது சிலருக்குத் தோலின் ஆழத்தில் வேறொரு கரிய பொருள் படிய ஆரம்பிக்கும். கறுத்த தோலும் வெயிலும் சேர்ந்தால் வாய்ப்பு கூடும். அதைக் கரைக்க இன்னும் பூசினால் இன்னும்தான் படியும்.

வித்தியாசம் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. மங்கு பழுப்பாக, தட்டையாக இருக்கும்; வெயில் பட்டால் கூடும், ஒதுங்கினால் கொஞ்சம் குறையும். இதுவோ நீலச் சாம்பலாக, புள்ளி புள்ளியாக, கிரீமுக்கு அசையாமல் நிற்கும். சந்தேகம் வந்தால் அன்றே நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரிடம் போங்கள். உறுதிப்படுத்தச் சில நேரம் தோலில் சிறு துண்டு எடுத்துப் பார்ப்பார்கள். நிறுத்திய பின்னும் அந்த நிறம் மங்க வருடக்கணக்கில் ஆகலாம். லேசர் எல்லோருக்கும் முழுதாக உதவுவதில்லை.

அப்போ ஹைட்ரோகுவினோனே கூடாதா? அப்படி இல்லை. முறையாகப் போட்டால் மங்குக்கு நல்ல மருந்து, நானும் அதைத் தள்ளிவைக்கச் சொல்ல மாட்டேன். மருத்துவர் எழுதிக்கொடுப்பது பெரும்பாலும் 4 சதவீதம், இரவில் மட்டும், மங்கு உள்ள இடத்தில் மட்டும் மெல்லியதாக. மூன்று மாதம் பார்த்தும் பலன் இல்லையென்றால் விடவேண்டியதுதான். பலன் இருந்தாலும் சில மாதங்களில் இடைவெளி விட வேண்டும், அதை மருத்துவர் பார்த்துச் சொல்வார். டியூபில் இருப்பது கரும்பழுப்பாக மாறியிருந்தால் கெட்டுவிட்டது, தூக்கிப் போடுங்கள்.

சன்ஸ்கிரீன் போடாமல் இதெல்லாம் வீண். செம்பனைக் காட்டில் நிழல்தானே என்பார்கள். மங்குக்குக் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமே போதும், அதனால் அயர்ன் ஆக்ஸைடு கலந்த, தோல் நிறத்தில் வரும் சன்ஸ்கிரீன்தான் நல்லது. வியர்வை வழிந்தால் திரும்பப் போட வேண்டும், தொப்பியும் வேண்டும்.

இன்னொரு தவறு டிரானெக்ஸாமிக் ஆசிட் மாத்திரை. மாதவிடாய்ப் பெருக்குக்கு அக்கா வாங்கியதைத் தங்கை மங்குக்கு விழுங்குவது. இது இரத்தப்போக்கைக் குறைக்கத் தந்த மருந்து. உறைந்த இரத்தம் கரைவதைத் தடுக்கும். மங்குக்கு மருத்துவர்கள் குறைந்த அளவில், பெரும்பாலும் 250 மில்லிகிராம் ஒரு நாளைக்கு இரண்டு வேளை, சில மாதம் தருவதுண்டு. ஆனால் முதலில் கேட்பது வேறு: காலில் இரத்தம் உறைந்ததுண்டா, பக்கவாதம் வந்ததா, சிறுநீரகம் சரியா, கர்ப்பத்தடை மாத்திரை சாப்பிடுகிறீர்களா? தோட்டத்தில் கடைசிக் கேள்விக்குப் பலர் வெட்கப்பட்டு இல்லை என்று சொல்லிவிடுகிறார்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ வந்தாலோ மாத்திரையை விட்டுவிட்டு நேரே ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். கிரீமாகவோ சீரமாகவோ பூசுவதில் இந்தப் பயம் மிகக் குறைவு.

மங்குக்குப் பூசும் இன்னொன்று கோஜிக் ஆசிட். இந்த மூன்றிலும் அதுதான் மென்மையானது என்று பெயர். அந்தப் பெயரை நம்பி அது கலந்த சோப்பு நுரையை முகத்தில் கால் மணி நேரம் காய விடுகிறார்கள். எரிந்து சிவந்தால், அந்தச் சிவப்பு ஆறும்போது நம் நிறத்தில் கரும்படலமாகத்தான் ஆறும். எரிச்சல் வந்தால் ஒதுக்கிவிடுங்கள், ஒவ்வாமையாகவும் இருக்கலாம்.

வாங்கும்போது டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். அழகுப் பொருளுக்கு NOT என்று தொடங்கும் எண் இருக்கும், மருந்துக்கு MAL. மலேசியாவில் ஹைட்ரோகுவினோன் மருந்து, அழகுப் பொருளில் சேர்க்கக் கூடாது. எண்ணை மலேசிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான NPRA இணையதளத்தில் போட்டுத் தேடலாம். எண்ணே இல்லாத டப்பாவில் பாதரசமோ ஸ்டீராய்டோ கூட இருக்கலாம். ஏற்கெனவே பூசிக்கொண்டிருந்தால் அதைக் குப்பையில் போடாமல் மருத்துவரிடம் எடுத்துப் போங்கள். எதைப் பூசினீர்கள் என்று தெரிந்தால்தான் அவருக்குப் பாதி வேலை முடியும்.