இரட்டை எண்கள் பாதிதானா? முடிவில்லாததை எண்ணும்போது சறுக்கும் இடங்கள்

கும்பகோணத்தில் மாலை நேரத்தில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். ஒன்பதாம் வகுப்புக்காரர்களுக்குக் கணங்கள் பாடம் வந்தால் ஒரு கேள்வி கேட்காமல் விடுவதில்லை. 0, 1, 2, 3 என்று போகும் முழு எண்கள் அதிகமா, 0, 2, 4, 6 என்று போகும் இரட்டை எண்கள் அதிகமா? சுவாமிமலையிலிருந்தும் பாபநாசத்திலிருந்தும் பஸ் பிடித்து வரும் பிள்ளைகள் பையைக் கீழே வைப்பதற்குள் பதில் சொல்லிவிடுவார்கள்: "முழு எண்தான் சார். இரட்டை எண் அதில் பாதி." கூட்டிப்போக வரும் அப்பாக்களைக் கேட்டாலும் இதே பதில்தான்.

விடை, இரண்டும் சமம். இதைச் சொன்னவுடன் பாதிப் பேர் நம்ப மாட்டார்கள். மீதிப் பேர் "ரெண்டும் முடிவிலி, அதனால சமம்" என்று தலையாட்டிவிடுவார்கள். நம்பாதவர்களைவிட இந்தத் தலையாட்டுகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்குக் கவலை. ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

முதல் தவறு, எண்ணுவது என்றால் கடைசியில் ஒரு எண்ணைச் சொல்வது என்று நினைப்பது. எண்ணிக்கை ஒன்றா என்று பார்க்க எண்ணவே வேண்டாம். கல்யாணப் பந்தியில் தலைவாழை இலை போட்டாயிற்று. எத்தனை இலை, எத்தனை பேர் என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை. எல்லாரும் உட்கார்ந்த பிறகு ஒரு இலையும் காலியாக இல்லை, ஒருவரும் நிற்கவும் இல்லை என்றால் இலையும் ஆளும் சமம். இலைக்கு ஒரு ஆள், ஆளுக்கு ஒரு இலை. இந்தப் பொருத்தம்தான் அடிப்படை. நூறு, இருநூறு என்று சொல்வதெல்லாம் அதற்கு மேல் வந்தது. பள்ளியில் சமான கணங்கள் என்றால் உறுப்புகளின் எண்ணிக்கை சமம் என்று படிக்கிறோம். முடிவிலாக் கணத்துக்கு அந்த எண்ணிக்கை என்ன என்று கேட்டால் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் பொருத்தம் போட முடியுமா என்று கேட்டால் அதற்குப் பதில் உண்டு.

அதே பந்தியை முடிவில்லாமல் நீட்டிப் பாருங்கள். இலைகளுக்கு 0, 1, 2, 3 என்று நம்பர். எல்லா இலையிலும் ஆள். பந்தி விசாரிப்பவர் வந்து, "அவரவர் இலை நம்பரை இரண்டால் பெருக்கி, அந்த இலைக்குப் போய் உட்காருங்கள்" என்கிறார். 0 இருந்த இடத்திலேயே இருப்பார். 1ஆம் இலைக்காரர் 2க்குப் போவார், 2ஆம் இலைக்காரர் 4க்கு, 50ஆம் இலைக்காரர் 100க்கு. ஒரே இலைக்கு இரண்டு பேர் போட்டி போட மாட்டார்கள், ஏனென்றால் வெவ்வேறு எண்களை இரண்டால் பெருக்கினால் வெவ்வேறு விடைதான் வரும். இரட்டை நம்பர் இலை எதுவும் காலியாகவும் இருக்காது. 86ஆம் இலையில் யார் என்று கேட்டால் 43ஆம் இலையிலிருந்து வந்தவர். ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை, புதிதாகவும் யாரும் வரவில்லை. முன்பு எல்லா இலைகளையும் நிரப்பிய அதே கூட்டம் இப்போது இரட்டை இலைகளை மட்டும் நிரப்பி உட்கார்ந்திருக்கிறது. அப்படியானால் இரட்டை இலைகளும் மொத்த இலைகளும் சமம்.

"ஒற்றை இலை எல்லாம் காலியா கிடக்கே சார்?" என்று உடனே ஒரு குரல் வரும். கிடக்கிறதுதான். 0 முதல் 99 வரை நூறே இலை உள்ள பந்தியில் இந்த இடமாற்றம் நடக்காது. 50ஆம் இலைக்காரர் 100ஆம் இலையைத் தேடுவார், அது இருக்காது. அவரிலிருந்து கடைசி ஆள் வரை எல்லாரும் நிற்க வேண்டியதுதான். 'பாதி' என்ற எண்ணம் வருவது அந்த ஓரத்திலிருந்து. ஓரமே இல்லாத பந்தியில் நிற்க யாரும் இல்லை.

இரண்டாவது தவறுதான் ஆழமானது. பெரியவர்களும் இங்கேதான் வழுக்குகிறார்கள். "2க்கு 2, 4க்கு 4 என்று பொருத்தினால் முழு எண்களில் 1, 3, 5 மிச்சம் நிற்கின்றன. மிச்சம் இருந்தால் அதுதானே அதிகம்?" கேட்க நியாயமாக இருக்கிறது. சரி, அந்த விதியையே வைத்துக்கொண்டு வேறு மாதிரி பொருத்துவோம். ஒவ்வொரு முழு எண்ணையும் அதன் நான்கு மடங்கோடு சேர்ப்போம்: 0க்கு 0, 1க்கு 4, 2க்கு 8, 3க்கு 12. இப்போது முழு எண்கள் எல்லாவற்றுக்கும் ஜோடி கிடைத்துவிட்டது. இரட்டை எண்களில் 2, 6, 10, 14 என்று முடிவில்லாமல் மிச்சம். அதே விதிப்படி இரட்டை எண்கள்தான் அதிகம் என்று ஆகிறது! ஒரே விதி இரண்டு பக்கமும் தீர்ப்புச் சொன்னால் கோளாறு விதியில்தான்.

முடிவுள்ள கணத்தில் ஒரு பொருத்தத்தில் மிச்சம் வந்தால் எப்படிப் பொருத்தினாலும் மிச்சம் வரும். அந்த உறுதி நமக்குச் சின்ன வயதிலிருந்து பழகிப்போய்விட்டது. முடிவிலாக் கணத்தில் அந்த உறுதி கிடையாது. ஆகவே இங்கே கேட்க வேண்டிய கேள்வி, இந்தப் பொருத்தத்தில் மிச்சம் வருகிறதா என்பதல்ல. மிச்சமே வராத பொருத்தம் ஒன்றாவது இருக்கிறதா என்பதுதான். ஒன்று இருந்தால் போதும், இரண்டும் சமம். ஒன்றுகூட இல்லை என்று நிரூபித்தால்தான் வேறுபாடு உண்டு என்று சொல்லலாம். அது வேறு உழைப்பு.

கலிலியோவுக்கே இது இடறிய இடம். 1638இல் வெளிவந்த நூலில் எண்களையும் அவற்றின் வர்க்கங்களையும் (1, 4, 9, 16) ஒன்றோடொன்று பொருத்திக் காட்டினார். வர்க்கங்கள் குறைவு என்றும் தோன்றுகிறது, சமம் என்றும் தோன்றுகிறது. கடைசியில், முடிவில்லாதவற்றைப் பற்றிப் பேசும்போது அதிகம், குறைவு, சமம் என்ற சொற்களே செல்லாது என்று விட்டுவிட்டார். இருநூறு வருஷங்களுக்கு மேல் கழித்து கேன்டர் என்ற ஜெர்மன் கணிதர் வந்து, பொருத்தத்தையே அளவுகோலாக வைத்து அந்தச் சொற்களுக்கு மறுபடி பொருள் கொடுத்தார். இன்னொரு ஜெர்மன் கணிதர் டெடிகிண்ட் 1888இல் இன்னும் ஒரு படி மேலே போனார். தன்னுடைய ஒரு தகு உட்கணத்தோடு, அதாவது தன் உறுப்புகளில் ஒன்றாவது விடுபட்ட உட்கணத்தோடு, மிச்சமில்லாமல் பொருந்தக்கூடிய கணம்தான் முடிவிலாக் கணம் என்று வரையறையே கொடுத்தார். எது புதிராக இருந்ததோ அதையே அடையாளமாக ஆக்கிக்கொண்டார். எனக்குப் பிடித்த துணிச்சல் அது.

"ஆனால் 1 முதல் 100 வரை எண்ணினால் ஐம்பது, 1000 வரை போனால் ஐந்நூறு. எவ்வளவு தூரம் போனாலும் பாதிதானே?" இது தப்பான கணக்கு இல்லை. வேறொரு கேள்விக்குச் சரியான பதில். இங்கே நாம் அளப்பது அடர்த்தி. அடர்த்தி, எண்களை எந்த வரிசையில் நிறுத்துகிறோம் என்பதைப் பொறுத்தது. இந்த வரிசையைப் பாருங்கள்: 0, 2, 1, 4, 6, 3, 8, 10, 5, 12, 14, 7... இரண்டு இரட்டை, ஒரு ஒற்றை என்று மாறி மாறி வருகிறது. எந்த முழு எண்ணும் விடுபடவில்லை, எதுவும் இரண்டு முறை வரவில்லை. ஆனால் முதல் முப்பது எண்களில் இருபது இரட்டை. எவ்வளவு தூரம் போனாலும் மூன்றில் இரண்டு பங்கு. அதே எண்கள்தான், நிறுத்திய விதம்தான் வேறு. வரிசையை மாற்றினால் மாறிவிடுவதை எண்ணிக்கை என்று சொல்ல முடியாது. நூறு ரூபாய்த் தாள்களை எப்படி அடுக்கினாலும் கூடாது, குறையாது அல்லவா?

பட்டியல் போடும்போது வரும் தவறு ஒன்று இருக்கிறது. குறை எண்களையும் சேர்த்து எண்ணச் சொன்னால் பலர் 0, 1, 2, 3... என்று எழுதிவிட்டு, "அது முடிஞ்சதும் -1, -2" என்பார்கள். அது முடியாது என்பதுதான் சிக்கல். -1 எத்தனையாவது இடம் என்று கேட்டால் பதில் இருக்காது. எண்ணுவது என்றால் ஒவ்வொரு உறுப்புக்கும் 'இத்தனையாவது' என்று ஒரு குறிப்பிட்ட இடம் கிடைக்க வேண்டும். இந்தப் பட்டியல் தோற்றதால் அந்தக் கணத்தை எண்ண முடியாது என்று முடிவு கட்டினால், மேலே சொன்ன இரண்டாவது தவறேதான் வேறு வேஷத்தில் வருகிறது. 0, 1, -1, 2, -2, 3, -3 என்று மாற்றி எழுதுங்கள். இப்போது 37 எங்கே? 74ஆவது இடம். -37? அதற்கு அடுத்த 75. பின்னங்களுக்கும் இப்படி ஒரு பட்டியல் போடலாம். தொகுதியையும் பகுதியையும் கூட்டி, கூட்டுத்தொகை சிறியதை முதலில் எழுதிக்கொண்டே போனால் வந்துவிடும்.

இப்போது அந்தத் தலையாட்டிய பிள்ளைகளிடம் வருவோம். "எல்லாம் முடிவிலி, எல்லாம் சமம்" என்பது தவறு. கேன்டர் 1874இலேயே வேறொரு வழியில் இதை நிரூபித்திருந்தாலும், 1891இல் காட்டிய மூலைவிட்ட வழிதான் எளிது. 0க்கும் 1க்கும் நடுவே உள்ள தசம எண்கள் எல்லாவற்றையும் ஒருவர் பட்டியல் போட்டுவிட்டதாகச் சொல்கிறார். முதல் நான்கு வரி இப்படி என்று வையுங்கள்:

0.4159...
0.3550...
0.7023...
0.1118...

முதல் எண்ணில் முதல் இலக்கம், இரண்டாவதில் இரண்டாவது என்று சாய்வாக எடுத்தால் 4, 5, 2, 8. இலக்கம் 5 ஆக இருந்தால் 6 எழுதுங்கள், வேறு எதுவாக இருந்தாலும் 5 எழுதுங்கள். 0.5655... என்று ஒரு எண் வருகிறது. அது முதல் வரியிலிருந்து முதல் இலக்கத்தில் வேறுபடும், இரண்டாம் வரியிலிருந்து இரண்டாவதில், ஆயிரமாவது வரியிலிருந்து ஆயிரமாவதில். பட்டியலில் அது எங்கேயும் இல்லை.

"அப்போ அதையும் மேலே சேர்த்துக்கலாமே சார்?" சேர்க்கலாம். சேர்த்தால் அது இன்னொரு பட்டியல். அதிலும் சாய்வாக எடுத்தால் இன்னொரு எண் வெளியே நிற்கும். இது ஒரு பட்டியலின் குறையைச் சொல்லும் வாதமல்ல. எந்தப் பட்டியலை நீட்டினாலும் அதற்கு வெளியே ஒன்றை எடுத்துக் காட்டும் வழி இது. ஒரு பொருத்தமும் இல்லை என்று நிரூபிக்கும் உழைப்பு என்று முன்னே சொன்னேனே, அது இதுதான்.

கெட்டிக்காரப் பிள்ளை ஒருத்தி இங்கே நிறுத்தி ஒரு கேள்வி கேட்டாள். "இதே வித்தையை முழு எண்கள் பட்டியலிலேயே செய்தால் அங்கேயும் புது எண் வந்துவிடுமே? அப்போ முழு எண்களையே எண்ண முடியாதா?" செய்து பார்த்தோம். 0, 1, 2, 3 என்று ஒன்றன் கீழ் ஒன்றாக, இடப்பக்கம் எவ்வளவு வேண்டுமானாலும் பூஜ்ஜியம் போட்டு எழுதினோம். வலமிருந்து இடமாகச் சாய்வாக எடுத்து, அதே விதிப்படி மாற்றினோம். சாய்வில் எல்லாம் பூஜ்ஜியம்தான், அதனால் இலக்கம் ஒவ்வொன்றும் 5 ஆகவே வருகிறது, இடப்பக்கம் நிற்கவே இல்லை. பட்டியலில் இல்லாத ஒன்று கிடைத்தது உண்மைதான், ஆனால் அது முழு எண் இல்லை. எந்த முழு எண்ணுக்கும் இலக்கங்கள் ஓர் இடத்தில் முடிந்து, அதற்கு இடப்பக்கம் பூஜ்ஜியம் மட்டும்தான் இருக்கும். தசமப் புள்ளிக்கு வலப்பக்கம் இலக்கங்கள் முடிவில்லாமல் ஓடலாம், புள்ளிக்கு இடப்பக்கம் ஓடக் கூடாது.