கீபோட்டின் குட்டிக் கால்களை நிமிர்த்துவதற்கு முன் மேசையை அளந்து பாருங்கள்

களுவாஞ்சிகுடியில் இருக்கும் என் மச்சாள் வீட்டிலிருந்தே தட்டச்சு வேலை செய்கிறாள். தவணைப் பரீட்சை நெருங்கும் நாட்களில் வினாத்தாள்கள் குவியும், ஒரே இருப்பில் நான்கைந்து மணித்தியாலம் பாமினி எழுத்துருவில் அடிப்பாள். போன முறை போனபோது கையை நீட்டிக் காட்டினாள். மணிக்கட்டின் உள்பக்கம், உள்ளங்கைக்குச் சற்றுக் கீழே, மேசை விளிம்பு பதிந்து சிவந்த கோடு ஒன்று குறுக்கே கிடந்தது. "இரவில விரல் விறைச்சு எழும்பிருறேன், கையை உதறினாத்தான் சரிவரும்" என்றாள். பனிக்குளிராக்கும் என்று தைலம் பூசிக்கொண்டிருந்திருக்கிறாள்.

அவள் இருந்த விதத்தைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. அவள் செய்த தவறுகளைத்தான் கொம்பியூட்டர் முன்னால் இருக்கும் முக்கால்வாசிப் பேர் செய்கிறோம்.

முதல் தவறு, மேசையின் உயரத்தை யாருமே கேள்வி கேட்பதில்லை. கடையில் வாங்கினாலும் ஓடாவியிடம் சொல்லிச் செய்தாலும் மேசை 75 சென்டிமீட்டர் சொச்சம் உயரத்தில்தான் வரும். அது கொப்பியில் எழுதுவதற்கான உயரம். எழுதும்போது கை மேசையில் படுத்திருக்க வேண்டும், கண்ணும் தாளுக்குக் கிட்ட வர வேண்டும், அதனால் மேசை முழங்கையை விடச் சற்று உயர்ந்திருப்பது நல்லதுதான். தட்டச்சுக்கு அது ஒத்துவராது. தோள் தளர்ந்து மேற்கை நேரே கீழே தொங்க, முழங்கை மடிந்து நிற்கும் அந்த உயரத்தில், அல்லது அதற்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் கீழே, விரல்கள் தங்கும் நடு வரிசை விசைகள் இருக்க வேண்டும்.

தையல் டேப் ஒன்று போதும், நீங்களே அளந்துகொள்ளலாம். வழக்கமாக இருக்கும் கதிரையில் பாதம் நிலத்தில் படும்படி இருங்கள், தோளை ஒருமுறை உயர்த்தித் தளர விடுங்கள், முழங்கையை மடியுங்கள், நிலத்திலிருந்து முழங்கையின் அடிப்பக்கம் வரைக்கும் இன்னொருவரை அளக்கச் சொல்லுங்கள். நீங்களே குனிந்து அளந்தால் தோள் சரிந்து கணக்குப் பிழைத்துவிடும். மச்சாளின் பிளாஸ்டிக் கதிரையின் இருக்கை 42 சென்டிமீட்டர், அதில் இருந்தால் முழங்கை 63. மேசை 76, அதன்மேல் கீபோட்டின் நடு வரிசை 2, ஆக 78. பதினைந்து சென்டிமீட்டர் வித்தியாசம்! அந்தப் பதினைந்தை உடம்புதான் ஏதோ ஒரு வழியில் ஈடுசெய்ய வேண்டும். தோளைத் தூக்கி, முழங்கையைப் பக்கவாட்டில் அகட்டி, முன்னங்கையை மேசையில் கிடத்தி அடிக்கிறாள். கழுத்தடி வலி அங்கிருந்துதான் வந்தது. கைக்கு வந்ததும் அங்கிருந்துதான்.

எப்படி என்று கேட்டால், முன்னங்கை மேசையோடு ஒட்டிக் கிடக்கிறது, விசைகளோ மேசையை விட இரண்டு மூன்று சென்டிமீட்டர் மேலே. அப்போ விரல் விசையைத் தொட மணிக்கட்டு பின்பக்கமாக மேல் நோக்கி வளையத்தான் வேண்டும். மணிக்கட்டின் உள்பக்கத்தில் எலும்புக்கும் ஒரு தடித்த பட்டைக்கும் நடுவே ஒடுங்கிய பாதை ஒன்று இருக்கிறது, விரலை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் அதற்குள்ளால்தான் போகின்றன. கையைப் பின்னால் வளைக்க வளைக்க அந்தப் பாதைக்குள் அழுத்தம் கூடும். போதாததற்கு மேசை விளிம்பும் வெளியிலிருந்து அமுக்குகிறது. சித்திரை வெக்கையில் வியர்த்த கை மைக்கா மேசையில் ஒட்டிக்கொண்டால் மணிக்கட்டை அசைக்காமல் விரலை மட்டும் எட்டி எட்டிப் போடுவோம், அது இன்னும் கெடுதல்.

இந்த இடத்தில்தான் இரண்டாவது தவறு வருகிறது, கீபோட்டின் பின்னால் இருக்கும் அந்த இரண்டு குட்டிக் கால்கள். புதுக் கீபோட் வாங்கியதும் எல்லோரும் முதலில் செய்வது அதை நிமிர்த்தி வைப்பதுதான். விசைகளில் எழுதியிருப்பது கண்ணுக்கு நன்றாகத் தெரியும் என்பதைத் தவிர அதனால் கைக்கு ஒரு நன்மையும் இல்லை. பின்பக்கம் ஒரு சென்டிமீட்டர் உயர்ந்தால் கீபோட்டின் சரிவு நான்கு பாகையளவு கூடும், அவ்வளவும் மணிக்கட்டின் வளைவில் போய்ச் சேரும். நான்கு பாகை சின்னக் கணக்குத்தான், ஆனால் ஏற்கனவே வளைந்திருக்கிற கையில், மணித்தியாலக் கணக்காக அது சேருகிறது. பார்க்காமல் அடிக்கத் தெரிந்தவருக்கு அந்தக் கால் தேவையே இல்லை, மடக்கி விடுங்கள்.

ஆனால் சரிவைத் தனியாக எடுத்து "இத்தனை பாகைதான் சரி" என்று ஒருவரும் சொல்ல முடியாது, அது உயரத்தைப் பொறுத்தது. விதி ஒன்றுதான்: முன்னங்கை எந்தச் சரிவில் போகிறதோ கீபோட்டும் அதே சரிவில் கிடக்க வேண்டும். விசைகள் முழங்கை மட்டத்தில் இருந்தால் முன்னங்கை நிலத்துக்குச் சமாந்தரமாகப் போகும், கீபோட் தட்டையாக இருந்தால் போதும். விசைகள் முழங்கையை விட நன்றாகக் கீழே இருந்தால், உதாரணத்துக்கு மேசைக்கு அடியில் இழுக்கிற தட்டில் வைத்திருந்தால், முன்னங்கை கீழ்நோக்கிச் சரியும், அப்போது தட்டையான கீபோட்டில்கூட மணிக்கட்டு பின்னால் வளையும். அந்த நேரம் கீபோட்டின் முன்விளிம்புக்கு, உங்கள் பக்கத்து விளிம்புக்கு, அடியில் அரைச் சென்டிமீட்டரோ ஒரு சென்டிமீட்டரோ தடிப்பில் ஒரு மரச்சட்டம் வைத்து முன்பக்கத்தை உயர்த்த வேண்டும். பார்க்க விசித்திரமாக இருக்கும், கைக்கு உடனே தெரியும். மேசை உயரமாக இருக்கும்போதே இதைச் செய்யாதீர்கள், முதலில் உயரம், பிறகுதான் சரிவு.

சரியா இல்லையா என்று பார்க்க ஓர் அடிமட்டம் எடுத்து முன்னங்கையின் மேல்பக்கத்திலிருந்து புறங்கை வரைக்கும் நீளமாக வையுங்கள். மணிக்கட்டு மடிப்புக்கு மேலே அடிமட்டத்துக்கும் தோலுக்கும் நடுவில் பள்ளம் தெரிந்தால் கை பின்னால் வளைந்திருக்கிறது. இதைவிட நல்ல வழி, இருபது நிமிடம் அடித்து நீங்கள் வேலையில் மூழ்கிய பிறகு வீட்டில் யாரையாவது பக்கத்தில் நின்று போனில் ஒரு படம் எடுக்கச் சொல்வது. பரிசோதிக்கும்போது எல்லோரும் நேராகத்தான் இருப்போம், மறந்திருக்கும்போது எடுத்த படம்தான் உண்மையைச் சொல்லும்.

மச்சாள் வீட்டு மேசையை எப்படிச் சரிப்படுத்தினோம் என்று சொல்கிறேன், ஏனென்றால் ஒன்றைத் தொட்டால் இன்னொன்று இடிக்கும். கதிரையைப் பதினைந்து சென்டிமீட்டர் உயர்த்தினால் கால் அந்தரத்தில் தொங்கும், பிளாஸ்டிக் கதிரைக் காலுக்குக் கல் வைப்பது ஆபத்து. மேசையை அவ்வளவும் அறுத்தாலோ அவளை விட உயரமானவர்களுக்கு அது பதிந்துவிடும். அதனால் இரண்டையும் பங்கிட்டோம். ஓடாவியார் ஒருவரைக் கூப்பிட்டு மேசைக் காலில் 10 சென்டிமீட்டர் அறுத்தோம், மேசை 66 ஆனது. அறுப்பதற்கு முன்பே லாச்சியைக் கழற்றச் சொன்னேன், ஏனென்றால் மேற்பலகையோடு சேர்த்து லாச்சி 14 சென்டிமீட்டர் இறங்கி நின்றது, அது இருந்திருந்தால் அடியில் 52தான் மிஞ்சும். மச்சாளின் தொடை மேல்மட்டம் மெத்தையோடு 61 வரும், லாச்சி இல்லாமல் பலகைக்கு அடியில் 64, மூன்று சென்டிமீட்டர் இடைவெளி கிடைத்தது. கதிரையில் 7 சென்டிமீட்டர் கெட்டி ஸ்பொஞ்ச் மெத்தை போட்டோம், அவள் இருந்ததும் அது 5க்கு அமுங்கியது. (மெத்தையை எப்போதும் ஆள் இருக்கும்போதுதான் அளக்க வேண்டும். மெல்லிய ஸ்பொஞ்சாக இருந்தால் மத்தியானத்துக்குள் இன்னும் இறங்கிவிடும்.) முழங்கை 68க்கு வந்தது, நடு வரிசை 66உம் 2உம் 68. இரண்டும் ஒரே மட்டம், குட்டிக் கால்களும் மடங்கிவிட்டன. கால் தொங்காமல் இருக்க, பிரிக்காத ஏ4 றீம் ஒன்று பாதத்துக்குக் கீழே, அது ஏறத்தாழ 5 சென்டிமீட்டர். பிறகு அந்த இடத்துக்குப் பலகை அடித்துக்கொண்டாள். மேசை இறங்கியதால் திரையும் இறங்கிக் கழுத்து குனிந்தது, திரைக்கு அடியில் 10 சென்டிமீட்டர் கட்டை வைத்தோம்.

லாச்சியைக் கழற்றாமல் அதற்குள்ளேயே கீபோட்டை வைக்கலாமே என்று முதலில் யோசித்தோம். ஆனால் லாச்சி 40 சென்டிமீட்டர் அகலம், இலக்க விசைகள் உள்ள முழுக் கீபோட் அதைவிட நீளம். அது புகுந்தாலும் மௌஸ் மேசைமேலேயே நின்றுவிடும், வலக்கை நாள் முழுக்க ஏறி இறங்கும். கீபோட்டும் மௌஸும் பக்கத்துப் பக்கத்தில் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும்.

மூன்றாவது தவறு பக்கவாட்டில். முழுக் கீபோட்டின் நடுவை உடம்புக்கு நேரே வைப்பார்கள், அப்போது இலக்கப் பகுதி வலப்பக்கத்தில் இருப்பதால் எழுத்துப் பகுதி இடப்பக்கம் தள்ளிப்போய் இரண்டு கையும் கோணலாகும். எழுத்துப் பகுதியின் நடு, அதாவது `G`, `H` விசைகள், தொப்புளுக்கு நேரே வர வேண்டும். பாமினியில் அடிப்பவர்களுக்கு இன்னொன்று. புள்ளி `;` விசையில் இருக்கிறது, தமிழில் புள்ளி இல்லாமல் நாலு சொல் போகாது, வலச் சுண்டுவிரல் ஓயாமல் வேலை செய்யும். அதே விரல்தான் `Enter`, `Backspace` இரண்டையும் எட்டுகிறது. மணிக்கட்டை ஊன்றிக்கொண்டு விரலை மட்டும் நீட்டினால் கை சுண்டுவிரல் பக்கமாக முறுகும். எட்டும்போது முன்னங்கையோடு கையை நகர்த்துங்கள், ஊன்றாதீர்கள்.

மணிக்கட்டுக்கு அடியில் துவாயைச் சுருட்டி வைப்பதும் இந்த ஊன்றலைத்தான் வளர்க்கும். அடிக்காமல் யோசிக்கும் நேரத்தில், அதுவும் மணிக்கட்டை அல்ல, உள்ளங்கையின் அடிச்சதையை வைத்து ஆறலாம், அவ்வளவுதான். மடிக்கணினியில் நீண்ட நேரம் அடிப்பவர்கள் தனிக் கீபோட் ஒன்று வாங்குங்கள், வேறு வழியில்லை, திரை சரியென்றால் கை கெடும், கை சரியென்றால் கழுத்து கெடும்.

கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் விறைத்தால் அது மணிக்கட்டுப் பாதையில் போகும் நரம்பு. சுண்டுவிரல் விறைத்தால் முழங்கையைக் கதிரைக் கையிலோ மேசை விளிம்பிலோ அமுக்குகிறீர்களா என்று பாருங்கள், அந்த நரம்பு முழங்கைக்குப் பின்னால் போகிறது. மேசையைச் சரிசெய்த பிறகும் இரவு விறைப்பு இரண்டு மூன்று கிழமைக்கு மேல் நீடித்தால், கோப்பை கையிலிருந்து நழுவினால், வைத்தியரிடம் காட்ட வேண்டும். சீனி வருத்தம், தைரொயிட், கர்ப்பம் எல்லாவற்றாலும் இதே விறைப்பு வரும், மேசையை மட்டும் குற்றம் சொல்லிக்கொண்டு இருந்துவிடக் கூடாது.

மச்சாளின் தம்பியும் அதே மேசையில்தான் பின்னேரம் வேலை செய்கிறான். ஆள் உயரம், மெத்தையை எடுத்துவிட்டு இருந்தால் அவன் முழங்கை 66, மடித்த துவாய் ஒன்றைப் போட்டதும் அவனுக்கும் மட்டம் சரி. எழும்பும்போது மெத்தையைத் திரும்பப் போட மறப்பான், மச்சாள் காலையில் வந்து இருந்ததும் தோள் தூக்குவதை வைத்தே கண்டுபிடித்துவிடுகிறாள்.