ஒரே ஒரு துடிப்பை அளப்போம்: நார்மல் இசிஜி வாசிக்கும் முறை

பிசியாலஜி பிராக்டிகலில் இசிஜி தாள் கைக்கு வந்ததும் பன்னிரண்டு லீடையும் ஒரேயடியாகப் பார்த்துக் குழம்ப வேண்டாம். தாளின் அடியில் நீளமாக ஒரு வரி ஓடும். பெரும்பாலும் அதன் பக்கத்தில் II என்று போட்டிருக்கும். அந்த வரியில் ஒரு துடிப்பை மட்டும் இன்று அளப்போம். கூரான பென்சிலும் ஒரு துண்டு வெள்ளைத் தாளும் போதும்.

அலையைத் தொடுமுன் தாளின் ஓரத்தைப் பாருங்கள். 25 mm/s, 10 mm/mV என்று இருக்க வேண்டும். அப்படியென்றால் கிடைமட்டத்தில் ஒரு சின்னக் கட்டம் 0.04 விநாடி, ஐந்து சின்னக் கட்டம் சேர்ந்த பெரிய கட்டம் 0.20 விநாடி. உயரத்தில் பத்து சின்னக் கட்டம் ஒரு மில்லிவோல்ட். யாராவது வேகத்தை 50-க்கு மாற்றி வைத்திருந்தால் எல்லா அலையும் இரண்டு மடங்கு அகலமாகத் தெரியும். நல்ல இதயத்தையும் நோயுள்ளதாக எழுதிவிடுவீர்கள்.

அடுத்தது துடிப்பு வேகம். நம் தாளில் ஓர் ஆர் முனையிலிருந்து அடுத்த ஆர் முனை வரை 20 சின்னக் கட்டங்கள், அதாவது 0.80 விநாடி. 1500-ஐ 20-ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு 75. வெள்ளைத் தாளின் விளிம்பை அலைகளின் மேல் வைத்து, அடுத்தடுத்த மூன்று ஆர் முனைகளுக்கு நேரே பென்சிலால் கோடு போடுங்கள். பிறகு தாளை ஒரு துடிப்பு தள்ளி வையுங்கள். கோடுகள் மறுபடி முனைகளில் உட்கார்ந்தால் துடிப்பு சீராக இருக்கிறது. உங்கள் வயதுக்காரர்களிடம் மூச்சு இழுக்கும்போது இடைவெளி கொஞ்சம் சுருங்கி, விடும்போது நீளும். அது இயல்புதான்.

இப்போது பி அலை. ஏட்ரியங்கள் மின்தூண்டல் பெறுவதை இது காட்டுகிறது. இரண்டாம் லீடில் மேல்நோக்கி, உருண்டையாக, மூன்று சின்னக் கட்டத்துக்குள் அடங்கி, இரண்டரைக் கட்டத்துக்கு மேல் உயராமல் இருக்கும். நம் தாளில் அகலம் 2 கட்டம். முதலாம் லீடையும் ஒரு பார்வை பாருங்கள். அங்கே பி, க்யூஆர்எஸ், டி மூன்றுமே தலைகீழாக இருந்தால், இதயத்தைச் சந்தேகிக்குமுன் இரு கைகளின் ஒயரும் மாறியிருக்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம் பிஆர் இடைவெளி. முதலாண்டில் அதிகம் தவறுவது இங்கேதான். பி அலை முடியும் இடத்திலிருந்து அளந்துவிடுகிறார்கள். அது பிஆர் செக்மென்ட். இடைவெளி என்றால் பி அலை தொடங்கும் இடத்திலிருந்து க்யூஆர்எஸ் தொடங்கும் இடம் வரை. பி அலையும் உள்ளே வரும். நம் தாளில் அது 4 கட்டம், 0.16 விநாடி. இயல்பு 3 முதல் 5 கட்டம். பி முடிந்த இடத்திலிருந்து அளந்திருந்தால் 2 கட்டம்தான் வந்திருக்கும், ‘குறுகிய பிஆர்’ என்று தவறாக எழுதியிருப்பீர்கள். இந்த நேரத்தில் பெரும்பகுதி ஏவி நோடில் கழிகிறது. அங்கே தூண்டல் தயங்கி நிற்பதால்தான் ஏட்ரியம் சுருங்கி வென்ட்ரிக்கிளை நிரப்ப அவகாசம் கிடைக்கிறது.

க்யூஆர்எஸ்-க்குப் பெயர் வைக்க ஒரு ஒழுங்கு உண்டு. முதலில் வருவது கீழ்நோக்கி இருந்தால் மட்டுமே அது க்யூ. மேல்நோக்கி வரும் முதல் அலை ஆர். அதற்குப் பின் கோட்டுக்குக் கீழே இறங்குவது எஸ். மூன்றும் இருந்தே தீர வேண்டும் என்பதில்லை. நம் தாளில் க்யூ இல்லை, ஆரும் எஸ்ஸும்தான். அகலம் 2 கட்டம், 0.08 விநாடி. மூன்று கட்டத்துக்குள் இருப்பதால் சரி.

எஸ்டி செக்மென்ட், ஒரு டி அலை முடிந்து அடுத்த பி தொடங்கும் வரையுள்ள தட்டையான கோட்டின் மட்டத்திலேயே இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். டி இந்த லீடில் மேல்நோக்கி இருக்க வேண்டும்.

கடைசியாக க்யூடி: க்யூஆர்எஸ் தொடக்கத்திலிருந்து டி முடியும் வரை. டி மெல்லக் கரைந்து முடிவதால் முடிவிடம் பிடிபடாது. டி இறங்கும் பக்கத்தின் செங்குத்தான பகுதியை ஒட்டி ஒரு நேர்க்கோடு போடுங்கள். அது அடிக்கோட்டைத் தொடும் இடமே முடிவு. டி-க்குப் பின் குட்டியாக யூ அலை வந்தால் சேர்க்காதீர்கள். நம் தாளில் 9 கட்டம், 0.36 விநாடி. துடிப்பு வேகத்தைப் பொறுத்து இது மாறும் என்பதால் பாசெட் சூத்திரத்தில் போடுகிறோம்:

```
QTc = QT / √RR
    = 0.36 / √0.80
    = 0.40
```

ஆண்களுக்கு 0.44, பெண்களுக்கு 0.46 வரை இயல்பு என்று வைத்துக்கொள்ளலாம். துடிப்பு 100-ஐத் தாண்டினால் இந்தச் சூத்திரம் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். ஆகவே படியேறி ஓடிவந்த நண்பரை உடனே மேசையில் படுக்க வைத்து இசிஜி எடுக்காதீர்கள். பத்து நிமிடம் ஓய்வாகப் படுத்திருக்கட்டும், பிறகு எடுங்கள்.