இழுத்துப் பாடுற இடத்துல உடைஞ்சு போற வார்த்தைகள்: பாட்டு எழுதுறவங்க தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன திருவிழாவுக்கு எங்க தோட்டத்து மாரியம்மன் கோயில்ல பாட ஒரு பாட்டு எழுதினேன், மெட்டு ரெடியா இருந்துச்சு, மோகனத்துல, ஒவ்வொரு வரியும் தொடங்குற முதல் எழுத்து மட்டும் ப த ப க ரி ன்னு அஞ்சு சுரத்துக்கு நீளமா இழுபடும், மத்ததெல்லாம் எழுத்துக்கு ஒரு சுரம்னு சாதாரணமா ஓடும். நான் எழுதின மூணு வரி இதுதான்:

லயம் விழிக்கும் முன்னாலே
மலை ஏறிப் போன தாயே
கொழுந்து நெறைஞ்ச கூடையிலே

பேப்பர்ல படிச்சா ஒரு கொறையும் தெரியாது. பாடின பொண்ணும் சுருதி சுத்தமா பாடிச்சு. பாட்டு முடிஞ்சதும் கீழ லயத்துல இருக்கிற ஒரு பாட்டி வந்து கேட்டாங்க, "ஏந் தம்பி, நாம குடியிருக்கிறத போயி குதிர லாயம்னு எழுதிட்டியே, வேற வார்த்த கெடைக்கலியா?" எனக்கு சுருக்குன்னு இருந்துச்சு. நான் எழுதினது லயம், அவங்களுக்கு கேட்டது லாயம். பாடினவ மேல தப்பே இல்ல, ஒரு குறிலை அஞ்சு சுரத்துக்கு இழுத்தா அது நெடிலா தானே கேக்கும்.

மலையகத்துக்கு வெளிய இருக்கிறவங்களுக்காக சொல்றேன், லயம்னா தோட்டத்துல வரிசையா ஒட்டிக் கட்டின வீடுகள். அதுல பொறந்து வளந்தவங்க காதுல லாயம்ங்கிற வார்த்தை எப்படிப் போயி விழும்னு யோசிச்சுப் பாருங்க.

அன்னைக்கு ராத்திரி போன்ல எடுத்த ரெக்கோர்டிங்க திரும்பத் திரும்பக் கேட்டேன். ரெண்டாவது வரி "மாலை ஏறிப் போன தாயே"ன்னு இருந்துச்சு. மூணாவது "கோழுந்து", அப்படி ஒரு வார்த்தையே கெடையாது, அதனால கேக்குறவங்க காது பக்கத்துல என்ன இருக்குன்னு தேடிப் போகுது, கோழின்னு நெனச்சவங்க நாலு பேராவது இருந்தாங்க.

இதுதான் மொத தவறு, பெரிய தவறும் இதுதான். தமிழ்ல குறிலா நெடிலாங்கிறது உச்சரிப்பு அழகு சம்பந்தப்பட்ட விசயம் இல்ல, அர்த்தமே அதுலதான் நிக்குது. மனம் மானம் ஆகும், படம் பாடம் ஆகும், கொடி கோடி ஆகும், முடி மூடி ஆகும், விடு வீடு ஆகும். இழுக்கிற இடத்துல குறில் விழுந்தா வார்த்தை மாறிடும், அதத் தடுக்க பாடுறவங்களால ஒண்ணும் பண்ண முடியாது. எல்லாக் குறிலும் ஒரே அளவு ஆபத்து இல்லங்கிறதும் உண்மைதான். இரவுங்கிறத இழுத்தா ஈரவு ஆகும், அப்படி ஒரு வார்த்தை இல்லாததால சுத்தி இருக்கிற வரிய வச்சு சனங்க இரவுன்னே புரிஞ்சுக்குவாங்க. இழுத்தா இன்னொரு நெசமான வார்த்தை பொறக்குற இடம்தான் நாம கவனிக்க வேண்டியது.

பழைய இலக்கணத்துலயே இது இருக்கு. அளபெடைன்னு ஸ்கூல்ல படிச்சோமே, ஓசை கொறையிற இடத்துல எழுத்த நீட்டுறது. நன்னூல் அதுக்கு நெடிலத்தான் சொல்லுது, நெடில் நீளும், அதுக்கு இனமான குறில் பக்கத்துல அடையாளமா நிக்கும், ஓஒதல், தொழாஅள் மாதிரி. குறில் தானா நீளும்னு அங்க சொல்லல. பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணினப்போ இது பாட்டுக்காரனுக்கு இவ்வளவு தேவைன்னு எனக்குத் தெரியல.

இப்ப கொழுந்த மட்டும் தனியா எடுத்துப் பாப்போம், ஏன்னா நம்ம பக்கம் பாட்டு எழுதுற யாரும் அந்த வார்த்தைய விட மாட்டாங்க. கொ-ழுந்-து, மூணு துண்டு. கொ-வ இழுத்தா கோ. ழுந்-த இழுத்தா ழூந், கேக்கவே கஷ்டமா இருக்கும். சரி கடைசி து-வ இழுக்கலாம்னா அங்கதான் இன்னும் மோசம். அந்த உ குற்றியலுகரம், பேசும்போது உதடு குவியாது, பாதி மாத்திரைல முடிஞ்சிடும். அத நீட்டினா உதடு தானா குவிஞ்சு தூ ஆயிடும், கொழுந்தூ, துப்புற சத்தம் மாதிரி. ஆக கொழுந்துங்கிற வார்த்தைல இழுக்கிறதுக்கு ஒரு எடம்கூட இல்ல. அதுக்காக அத விட்டுட வேண்டாம், பின்னாடி வர்ற உருபுல நெடில வச்சுக்கிட்டா போதும். கொழுந்தோட, கொழுந்தெல்லாம், கொழுந்தாலே, இதுல தோ, லா, தா எல்லாம் எவ்வளவு வேணும்னாலும் தாங்கும். தேயிலைச் செடிய வெட்டி விடுறதுக்கு சொல்ற கவ்வாத்துங்கிற வார்த்தைய பாருங்க, நடுவுல வா இருக்கு, இழுத்துப் பாடுற சங்கதி அதுல வந்து விழுற மாதிரி வச்சா அது பாட்டுக்கு நிக்கும்.

குற்றியலுகரப் பிரச்சன வரி முடியுற எடத்துலதான் அதிகமா வரும், ஏன்னா மெட்டு பொதுவா அங்கதான் நீண்டு இறங்கும். வருது, போகுது, காடு, பாட்டுன்னு முடிச்சா வருதூ, காடூன்னு போயிடும். இதுக்கு எல்லாரும் பண்றது கடைசில ஒரு ஏ ஒட்டுறது, வருதே, போகுதே. வினைச்சொல்லுக்கு இது நல்லாவே ஒத்து வரும். ஆனா பெயர்ச்சொல்லுல கண்ண மூடிக்கிட்டு ஏ ஒட்டினா அது கூப்பிடுறதா மாறிடும், மலைன்னு சும்மா சொல்ல வந்தவன் மலையேன்னு மலைய கூப்பிட்டுக்கிட்டு நிப்பான். நான் ஒரு பாட்டுல எட்டு வரியும் ஏ-ல முடிச்சு, யார யாரு கூப்பிடுறாங்கன்னே புரியாம ஆக்கிட்டேன். அங்க வேற்றுமை உருபோட வர்ற நெடில பாருங்க, மலையிலே, மழையோட, காத்தாலே, இதெல்லாம் நீளமும் தரும் அர்த்தமும் கெடாது.

மலையோட ரெண்டாவது எழுத்து லை, அத இழுக்கலாமான்னு கேப்பீங்க. இழுக்கலாம், ஆனா பாடுறவங்க கிட்ட சொல்லி வைக்கணும். ஐ-ங்கிறது அ-ல தொடங்கி இ-ல முடியுற சத்தம், நீளமெல்லாம் அந்த அ பகுதிலயே இருக்கணும், கடைசி சுரத்துல மட்டும் இ-க்கு மூடணும். அளபெடைல ஐ-க்குப் பக்கத்துல இ எழுதுறதும் இதே மாதிரிதான். மொதல்லயே மூடிட்டா லீஈஈன்னு கேக்கும், பேசுற பழக்கத்துல பாடினா மலேன்னு ஆயிடும்.

ரெண்டாவது தவறு நெடில் கெடச்ச சந்தோசத்துல பண்றது, இதயும் நான் பண்ணினேன். மொத வரிய "வாசல் லயம் விழிக்கும் முன்னே"ன்னு மாத்தினேன். வா நெடில்தானே, பிரச்சன தீந்துச்சுன்னு நெனச்சேன். பாடிக் கேட்டா வா... வா... ன்னு யாரையோ கூப்பிடுற மாதிரி இருக்கு, சல் வர்றதுக்குள்ள கேக்குறவங்க மனசுல வான்னு ஒரு முழு வார்த்தை உக்காந்திடுச்சு. தமிழ்ல ஓரெழுத்து வார்த்தைகள் நெறைய, அதுல பெரும்பாலும் நெடில்தான், வா, போ, தா, சா, நீ, ஈ, தீ. அஞ்சு சுரத்துக்கு அந்த ஒரு எழுத்து மட்டும் காதுல இருக்கும்போது அது தனி வார்த்தையாத்தான் நிக்கும். சாமின்னு தொடங்குற பாட்டுல சா-வ இழுக்கிறவங்க இத ரொம்ப யோசிக்கணும், கோயில்ல நின்னு சா-ன்னு நீட்டுறது கேக்க நல்லா இல்ல, மி-ய சாமியே, சாமியோன்னு ஆக்கி கடைசில இழுக்கிறதுதான் நம்ம பெரியவங்க வழக்கம். போதும், போர்வை, தீபம், தாமரை, எல்லாத்தயும் இதே மாதிரி மொத எழுத்த மட்டும் தனியா சொல்லிப் பாத்துட்டு வையுங்க.

நான் கடைசியா வச்சது:

கீழ லயம் விழிக்கும் முன்னே
ஏறி மலை சேர்ந்த தாயே
கூடையிலே கொழுந்து நெறைய

கீ-க்கு தமிழ்ல தனி அர்த்தம் இல்ல, இழுத்தாலும் காது ழ வர்ற வரைக்கும் பொறுத்துக்கிட்டு இருக்கும். லயம் எழுத்துக்கு ஒரு சுரம் ஓடுற எடத்துக்கு வந்துட்டதால ல குறிலாவே நிக்குது. மலையும் அப்படித்தான். மூணாவது வரில இன்னொரு நன்மையும் கெடச்சுச்சு, மொத எழுதினப்போ கூடை வேகமா ஓடுற கடைசில இருந்துச்சு, அந்த அவசரத்துல கூ சுருங்கி குடைன்னு கேட்டுச்சு. அதாவது இழுக்கிற எடத்துல குறில் போறது மட்டும் இல்ல, ஓடுற எடத்துல நெடில் சுருங்கிப் போறதும் உண்டு. கூடைய முன்னாடியும் கொழுந்த பின்னாடியும் மாத்திப் போட்டதும் ரெண்டும் சரியா உக்காந்துச்சு.

மூணாவதா மெய்யெழுத்து. லயம், மரம், வான் மாதிரி மெய்ல முடியுற வார்த்தைய இழுக்கும்போது உயிர்லயே நின்னு, ம் இல்லன்னா ன்-ன கடைசி நொடில மூடணும். ம், ன், ல், ள் எல்லாம் சத்தம் ஓடுற எழுத்து, தேவப்பட்டா கொஞ்சம் ரீங்காரமா நிறுத்தலாம். நன்னூல் ஒற்றளபெடைக்கு சொல்ற பத்து மெய்ல இதெல்லாம் இருக்கு, வல்லினம் ஆறும் இல்ல, ர, ழ ரெண்டும் இல்ல. க், ட், ற் வந்தா காத்து அங்கயே அடைபட்டுடும், அதனால பட்டு, கட்டு, பத்து மாதிரி வார்த்தைய இழுக்கிற எடத்துல வச்சா எல்லா பாரமும் முன்னாடி இருக்கிற குறில் மேல விழுந்து பாட்டு, காட்டு, பாத்துன்னு மாறிடும்.

மேல் ஸ்தாயில சங்கதி வந்தா ஆகாரம், ஓகாரம் பக்கம் போங்க. ஈ, ஊ ரெண்டும் வாய் திறப்பு கம்மி, உச்சில பாடுறவங்க வாய தொறந்தாதான் சத்தம் வரும், தொறந்ததும் ஈ கேக்கும்போது ஏ மாதிரி ஆயிடும், அங்க எழுத்துல இருக்கிற வித்தியாசம் காதுக்கு எட்டாது. என் மெட்டுல ப, த வரைக்கும்தான் போகுதுங்கிறதால கீ பரவாயில்ல, மேல் ச தாண்டிப் போயிருந்தா வேற வார்த்தைதான் தேடியிருப்பேன்.

நம்ம ஆத்தாமார் பாடின தாலாட்ட கேட்டுப் பாருங்க, ஆராரோ ஆரிராரோ, இழுக்கிற எடமெல்லாம் ஆ-வும் ஓ-வும் தான். ஒப்பாரிலயும் அப்படித்தான், சொல்ல வேண்டிய சேதிய வேகமா அடுக்கிட்டு, அழுது இழுக்கிற எடத்துக்கு ஏ, ஆ ன்னு வர்ற சொல்லக் கொண்டு போயி நிறுத்துவாங்க.

இப்ப நான் பண்ற சோதனை ஒண்ணுதான். மெட்ட பாடி, இழுக்கிற எழுத்த எப்படிக் கேக்குதோ அப்படியே பேப்பர்ல எழுதிருவேன், லாஆயம், மாஆலை, கோஒழுந்துன்னு. கண்ணுல வேற வார்த்தை தெரிஞ்சா அந்த எடம் கெட்டுப் போச்சு. அப்புறம் அந்த வரிய மட்டும் போன்ல பாடி, வரி தெரியாத ஒருத்தர் கிட்ட போட்டுக் காட்டுவேன். நல்லா இருக்கான்னு கேக்க மாட்டேன், அப்படிக் கேட்டா நல்லா இருக்குன்னுதான் சொல்வாங்க. என்ன வார்த்தை கேட்டுச்சுன்னு சொல்லச் சொல்வேன். புது வரிய மொதல்ல அந்தக் கீழ லயத்துப் பாட்டிக்குத்தான் போட்டுக் காட்டினேன். "கீழ லயம்னு நம்ம லயத்தத்தான் சொல்ற"ன்னாங்க.